நூறு மூட்டை மிளகாய், இரண்டு பேரேடுகள்

பன்னிரண்டாம் வகுப்பு, வணிகவியல் பிரிவு மாணவியர்

கூட்டு வினைக் கணக்கு என்னும் பாடத்தை எங்கள் ஆசிரியை நடத்தியபோது, உண்மையைச் சொன்னால், எங்களில் பலருக்கு அது பிடிபடவில்லை. "அவர் ஏட்டில் பற்று, இவர் ஏட்டில் வரவு" என்று மனப்பாடம் செய்துகொண்டு தேர்வு எழுதிவிடலாம் என்றே இருந்தோம். அப்படி இருந்த எங்களுக்கு இந்தப் பாடத்தைப் புரிய வைத்தவை இரண்டு துண்டுச் சீட்டுகள். எங்களுள் ஒருத்தி விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பியபோது அவற்றைத் தன் பையில் கொண்டு வந்தாள்.

அவள் தந்தையார் பரமக்குடியில் மிளகாய் வற்றல் வாங்கி விற்பவர். சென்னையில் அவருக்கு ஒரு பழைய நண்பர் உண்டு. அவரும் வற்றல் வணிகரே. அவரை எங்கள் தோழி 'மாமா' என்றுதான் அழைப்பாள். இருவரும் சேர்ந்து நூறு மூட்டை முண்டு மிளகாயை வாங்கி, சென்னையில் விற்று, இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். சரக்கு முழுவதும் விற்றுத் தீர்ந்தது. ஆனால் கணக்கு முடிக்கும் நாளில் வந்தது வினை. "மூன்று இலட்சத்து அறுபத்திரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் எனக்கு வரவேண்டும்" என்றது அப்பாவின் சீட்டு. "மூன்று இலட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்தான் நான் தரவேண்டும்" என்றது மாமாவின் சீட்டு. வித்தியாசம் சரியாக 4,000 ரூபாய். பதினைந்து ஆண்டு நட்பு. இரண்டு வாரமாக இருவரும் தொலைபேசியில்கூடப் பேசிக்கொள்ளவில்லை என்று சொன்னபோது அவள் கண் கலங்கியது.

"இரண்டு சீட்டையும் கரும்பலகையில் எழுது, நாம் எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்" என்றார் ஆசிரியை. அன்று நாங்கள் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். எண்களை மட்டும் கணக்கிட எளிதாகச் சற்று முழுமையாக்கியிருக்கிறோம். வரிகளையும் இங்கே சேர்க்கவில்லை.

கூட்டு வினை என்பது யாது?

இரண்டு வணிகர் ஒரே ஒரு வேலைக்காகச் சேர்வதே கூட்டு வினை. அந்தச் சரக்கு விற்று முடிந்து, பணம் பங்கிடப்பட்டவுடன் அந்தச் சேர்க்கையும் முடிந்துவிடும். கூட்டாண்மை அப்படியன்று. அதற்கு ஒரு நிறுவனப் பெயர் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு தொடரும். கூட்டு வினைக்குப் பெயர்ப் பலகை இல்லை. நம் பரமக்குடி வணிகர் தம் சொந்தக் கடையையும் நடத்திக்கொண்டிருக்கிறார். சென்னை வணிகரும் அப்படியே. நடுவில் இந்த நூறு மூட்டை மட்டும் இருவருக்கும் பொது.

இதை அனுப்பீட்டு வணிகத்தோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அனுப்பீட்டில் சரக்கு அனுப்பியவருக்கே சொந்தம். விற்றுக் கொடுப்பவர் முகவர். அவருக்குக் கமிஷன் உண்டு, அவ்வளவுதான். சரக்கு நனைந்தாலும் விலை விழுந்தாலும் நட்டம் அனுப்பியவர் தலையில். கூட்டு வினையில் இலாபம் மட்டுமன்றி நட்டமும் இருவருக்கும் உரியது. இந்த வேறுபாடு ஏட்டில் மட்டும் இருப்பதன்று என்பதைப் பின்னால் ஐந்து மூட்டைகள் நமக்குக் காட்டும்.

இப்படி ஒவ்வொரு சரக்குக்கும் தனிக் கணக்கு வைப்பது பழைய வழக்கம். லூக்கா பசியோலி என்னும் பிரான்சிஸ்கன் சபைத் துறவி 1494-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் வெளியிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கியிருக்கிறார். அவர் கண்ட வெனிஸ் வணிகர்கள் ஆண்டு இறுதி வரை காத்திராமல், ஒரு கப்பலில் சென்ற சரக்கு விற்றுத் தீர்ந்ததும் அந்தச் சரக்கின் கணக்கை முடித்து இலாபம் பார்ப்பது உண்டு. இன்றைய நம் கூட்டு வினைக் கணக்கும் அதே போக்கில்தான் செல்கிறது.

இருவர் செய்துகொண்ட ஒப்பந்தம்

இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும் அந்த மிளகாயைத்தான் பரமக்குடி வணிகர் வாங்கினார். இருவரும் பேசி முடித்தவை நான்கு.

முதலாவது, வாங்குவதும் அனுப்புவதும் பரமக்குடிக்காரர் பொறுப்பு; விற்பது சென்னைக்காரர் பொறுப்பு. இரண்டாவது, கொள்முதலுக்கு உதவியாகச் சென்னைக்காரர் முன்னதாக 2,00,000 ரூபாயை வங்கி வழியே அனுப்பவேண்டும். மூன்றாவது, விற்கும் சிரமத்துக்காகச் சென்னைக்காரருக்கு விற்பனைத் தொகையில் நூற்றுக்கு 2 கமிஷன். நான்காவது, கமிஷனும் செலவும் போக மீதி இலாபத்தில் பரமக்குடிக்காரருக்கு ஐந்தில் மூன்று பங்கு. சென்னைக்காரருக்கு ஐந்தில் இரண்டு பங்கு.

இனி நடந்ததைக் கேளுங்கள். பரமக்குடிக்காரர் மூட்டை 5,000 ரூபாய் வீதம் 100 மூட்டை வாங்கினார். 5,00,000 ரூபாய் ஆயிற்று. சாக்குக்கும் ஏற்றுகூலிக்கும் 6,000, லாரி வாடகைக்கு 14,000, ஆக 20,000 ரூபாய் செலவு செய்தார். சென்னைக்காரர் இறக்குகூலிக்கும் கிட்டங்கி வாடகைக்கும் 8,000 ரூபாய் கொடுத்தார். வாங்குவோரை அழைத்து வந்த தரகருக்கு 4,000 ரூபாய் கொடுத்தார்.

நூறு மூட்டையில் 85 மூட்டை நல்ல விலைக்குப் போயிற்று. மூட்டை 6,400 ரூபாய். வழியில் மழையில் நனைந்த 5 மூட்டை கறுத்துவிட்டது. அதை மூட்டை 1,200 ரூபாய்க்குத் தள்ளிவிட்டார். மீதி 10 மூட்டையை, நண்பரிடம் கேட்டுக்கொண்டு, மூட்டை 6,000 ரூபாய் என்று விலை பேசித் தம் சொந்தக் கடைக்கே எடுத்துக்கொண்டார்.

ஆளுக்கொரு பேரேடு

இத்தகைய கணக்கை மூன்று விதமாக எழுதலாம். பொதுவாக ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கித் தனி ஏடு வைக்கலாம். அல்லது ஒருவரே முழுக் கணக்கையும் எழுதலாம். இவ்விரண்டும் இல்லாமல், அவரவர் ஏட்டில் அவரவர் செய்ததை மட்டும் எழுதிக்கொள்வது மூன்றாவது விதம். ஊர் விட்டு ஊர் இருந்து வாணிகம் செய்கிறவர்களுக்கு இதுவே வசதி. நம் இரு வணிகரும் இப்படித்தான் எழுதினார்கள்.

விதி மிக எளிது. கூட்டு வினைக்காக என் கையிலிருந்து எது போனாலும் அது என் ஏட்டில் கூட்டு வினைக் கணக்கின் பற்று. எனக்கு எது வந்தாலும் அது வரவு. நண்பர் என்ன செலவழித்தார், என்ன விற்றார் என்பதை என் ஏட்டில் நான் எழுதமாட்டேன்.

இங்கே எங்களுள் பலர் ஒரு தவறு செய்தோம். பரமக்குடியிலிருந்து சரக்கு லாரியில் ஏறியதும், "சென்னைக்காரர் கணக்குக்கு 5,00,000 பற்று" என்று எழுதிவிட்டோம். அது தவறு. அனுப்பியது விற்றதாகாது. பொதுச் சரக்கு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனது, அவ்வளவுதான். அதற்குப் பணப் பதிவே கிடையாது. மூட்டை எண்ணிக்கையை மட்டும் சிட்டையில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இலாபம் பார்க்கும் முன் பரமக்குடிக்காரர் பேரேட்டில் இருந்தவை இவை மட்டுமே:

பற்று: கொள்முதல் 5,00,000; செலவு 20,000.
வரவு: சென்னையிலிருந்து வந்த பணம் 2,00,000.

சென்னைக்காரர் பேரேட்டில் இருந்தவை இவை:

பற்று: பரமக்குடிக்கு அனுப்பிய பணம் 2,00,000; செலவும் தரகும் 12,000; கமிஷன் 11,000.
வரவு: விற்பனை 5,50,000, தாமே எடுத்துக்கொண்ட சரக்கு 60,000.

85 மூட்டைக்கு 5,44,000, நனைந்த 5 மூட்டைக்கு 6,000, ஆக விற்பனை 5,50,000. அதில் நூற்றுக்கு 2 வீதம் கமிஷன் 11,000. தாமே எடுத்துக்கொண்ட சரக்குக்குக் கமிஷன் இல்லை. பிறருக்கு விற்றால்தானே சிரமம்!

இப்போது இந்த இரண்டு ஏடுகளையும் உற்றுப் பாருங்கள். முதல் ஏட்டில் 3,20,000 ரூபாய் பற்று மிச்சம் நிற்கிறது. அது நட்டமா? இல்லை. இரண்டாம் ஏட்டில் 3,87,000 ரூபாய் வரவு மிச்சம் நிற்கிறது. அது இலாபமா? அதுவும் இல்லை. ஓர் ஏட்டில் விற்பனை இல்லை. மற்றோர் ஏட்டில் கொள்முதல் இல்லை. இரண்டும் பாதி பாதிக் கதையைச் சொல்கின்றன. இலாபம் என்பது இரண்டு ஏட்டிலும் இல்லை. இரண்டையும் சேர்த்தால்தான் தெரியும். இந்த ஒன்று விளங்கிய பிறகு எங்களுக்குப் பாடம் முழுவதும் விளங்கிவிட்டது.

இலாபம் காட்டும் நினைவுக் கணக்கு

ஆகவே சரக்குத் தீர்ந்ததும் இருவரும் தத்தம் வரவு செலவைப் பட்டியலாக எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ள வேண்டும். இரண்டு பட்டியலையும் சேர்த்து எழுதுவதே நினைவுக் கூட்டு வினைக் கணக்கு. 'நினைவு' என்று பெயர் வரக் காரணம், இது யாருடைய பேரேட்டையும் சேர்ந்த கணக்கு அன்று. இலாபம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள எழுதும் குறிப்பு மட்டுமே.

நினைவுக் கணக்கின் பற்றுப் பக்கம்:
கொள்முதல் 5,00,000
பரமக்குடிக்காரர் செலவு 20,000
சென்னைக்காரர் செலவும் தரகும் 12,000
சென்னைக்காரர் கமிஷன் 11,000
ஆக 5,43,000

வரவுப் பக்கம்:
விற்பனை 5,50,000
எடுத்துக்கொண்ட சரக்கு 60,000
ஆக 6,10,000

இலாபம் 67,000 ரூபாய். ஐந்தில் மூன்று பங்கு 40,200 பரமக்குடிக்காரருக்கு. ஐந்தில் இரண்டு பங்கு 26,800 சென்னைக்காரருக்கு.

முன்னதாக அனுப்பிய 2,00,000 ரூபாய் இந்தக் கணக்கில் எங்கே என்று கேட்பீர்கள். எங்குமே இல்லை, இருக்கவும் கூடாது. அது ஒரு சட்டைப் பையிலிருந்து இன்னொரு சட்டைப் பைக்குப் போன பணம். அதனால் சரக்கின் அடக்கம் கூடவில்லை, விற்பனையும் கூடவில்லை. அதை மறதியாக இங்கே சேர்த்தால், 67,000 ரூபாய் இலாபம் 1,33,000 ரூபாய் நட்டமாகத் தோன்றும். தேர்வில் எங்களில் நால்வர் இதைச் செய்து மதிப்பெண் இழந்திருக்கிறோம்.

இனி நனைந்த ஐந்து மூட்டையைப் பாருங்கள். கொள்முதலும் பரமக்குடிச் செலவும் சேர்ந்து மூட்டைக்கு 5,200 ரூபாய் அடக்கம். விற்றது 1,200-க்கு. மூட்டைக்கு 4,000 வீதம் 20,000 ரூபாய் நட்டம். இதற்கெனத் தனிப் பதிவு எதுவும் நாம் எழுதவில்லை. மொத்தக் கணக்கிலேயே அது கரைந்துவிட்டது. ஆனால் கரைந்த விதத்தைக் கவனியுங்கள். பரமக்குடிக்காரர் பங்கில் 12,000, சென்னைக்காரர் பங்கில் 8,000 குறைந்திருக்கிறது. இதுவே அனுப்பீடாக இருந்திருந்தால் 20,000 ரூபாயும் பரமக்குடிக்காரர் ஒருவர் தலையிலேயே விழுந்திருக்கும்.

கணக்கு முடியும் இடம்

இலாபப் பங்கு தெரிந்த பின் அவரவர் தம் பங்கைத் தம் பேரேட்டில் கூட்டு வினைக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் எழுதி, தம் இலாப நட்டக் கணக்கில் வரவு வைக்கிறார்கள். இப்போது மிச்சம் பார்ப்போம்.

பரமக்குடி ஏட்டில் பற்று 5,00,000, 20,000, 40,200; மொத்தம் 5,60,200. வரவு 2,00,000. வரவேண்டியது 3,60,200.

சென்னை ஏட்டில் வரவு 5,50,000, 60,000, மொத்தம் 6,10,000. பற்று 2,00,000, 12,000, 11,000, 26,800, மொத்தம் 2,49,800. தரவேண்டியது 3,60,200.

இரண்டு ஊரில், இரண்டு பேர் எழுதிய இரண்டு ஏடுகள் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. ஒருவருக்கு வரவேண்டியதே மற்றவர் தரவேண்டியது. இதுதான் இந்த முறையின் உரைகல். இந்தத் தொகையைச் சென்னைக்காரர் அனுப்பியதும் இரண்டு கணக்கும் சமன் ஆகி முடிந்துவிடும்.

அப்படியானால் 4,000 ரூபாய் எங்கே போயிற்று?

கரும்பலகையில் சரியான விடை 3,60,200 என்று வந்ததும் வகுப்பே வியந்தது. ஏனென்றால் அப்பா சொன்னது 3,62,600. மாமா சொன்னது 3,58,600. இருவர் சொன்னதுமே சரியில்லை!

ஆசிரியை எங்களை மாமாவின் சீட்டையும், அவர் முன்பு அனுப்பிய பட்டியலின் நகலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். பட்டியலில் செலவு 8,000 என்று இருந்தது. சீட்டில் 12,000 என்று இருந்தது. பட்டியலின் தேதியைப் பார்த்தோம். சரக்குத் தீர்ந்த அன்றே அவர் பட்டியலை அனுப்பிவிட்டார். தரகர் வந்து 4,000 ரூபாய் வாங்கிப் போனது அதற்கு ஒரு வாரம் கழித்து. அதை மாமா தம் பேரேட்டில் ஒழுங்காக எழுதினார். ஆனால் ஏற்கெனவே அனுப்பிய பட்டியலைத் திருத்த மறந்துவிட்டார்.

பழைய பட்டியலை வைத்து இருவரும் நினைவுக் கணக்கு எழுதியதால் இலாபம் 67,000-க்குப் பதிலாக 71,000 என்று வந்தது. அப்பா தம் பங்கு 42,600 என்று எழுதினார். அவர் ஏட்டில் 3,62,600 வரவேண்டியதாயிற்று. மாமா தம் பங்கு 28,400 என்று எழுதினார். ஆனால் அவர் ஏட்டில் தரகு 4,000 ஏற்கெனவே பற்று எழுதப்பட்டிருந்தது. ஆகவே தரவேண்டியது 3,58,600 ஆயிற்று.

இதில் அழகான செய்தி ஒன்று உண்டு. மறந்த தொகை 4,000. ஏடுகளின் வித்தியாசமும் சரியாக 4,000. அப்பா 2,400 ரூபாய் கூடுதலாகக் கேட்டார். மாமா 1,600 ரூபாய் குறைவாகச் சொன்னார். 4,000-ஐ ஐந்தாக்கி மூன்றும் இரண்டுமாகப் பிரித்தால் இதே எண்கள்தாம். தரகு என்பது பொதுச் செலவு. அதில் அப்பாவின் பங்கு 2,400, மாமாவின் பங்கு 1,600. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு செலவு ஒரு தாளில் ஏறி, இன்னொரு தாளில் ஏறாமல் நின்றது, அவ்வளவே.

இதிலிருந்து நாங்கள் ஒரு வழி கற்றுக்கொண்டோம். இரண்டு ஏடும் ஒத்து வராவிட்டால், வித்தியாசத் தொகை எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பிறகு அனுப்பிய பட்டியலையும் அனுப்பியவர் பேரேட்டையும் வரி வரியாக ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாமல் ஏட்டில் மட்டும் இருக்கும் ஒரு தொகை அநேகமாக அந்த வித்தியாசத்துக்குச் சமமாக இருக்கும்.

ஏடுகள் ஒத்து வந்தும் தவறு இருக்கலாம்

"அப்படியானால் இரண்டு ஏடும் ஒத்து வந்துவிட்டால் கணக்கு சரி என்று பொருளா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. விடை: இல்லை.

சென்னைக்காரர் 85 மூட்டையை 6,400-க்கு விற்றுவிட்டு, 6,200-க்கு விற்றதாகத் தம் ஏட்டிலும் பட்டியலிலும் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். 17,000 ரூபாய் மறைந்துவிடும். ஆனால் இரண்டு ஏடும் ஒத்தே வரும். ஏனென்றால் பொய் இரண்டு இடத்திலும் ஒரேபோல் இருக்கிறது. ஏடுகள் ஒத்து வருவது, ஏட்டுக்கும் பட்டியலுக்கும் இடையே எதுவும் விட்டுப்போகவில்லை என்பதைக் காட்டும். எழுதியது உண்மை என்பதைக் காட்டாது. அதற்கு விற்பனை ரசீது, எடைச் சீட்டு, லாரி வாடகை ரசீது ஆகியவை வேண்டும். ஆகவே பட்டியல் அனுப்பும்போது ரசீதின் நகலையும் சேர்த்து அனுப்புவது நல்ல வணிகர் வழக்கம். பரமக்குடிக்காரருக்கும் இது பொருந்தும். 5,000-க்கு வாங்கினேன் என்று அவர் சொல்வதற்கும் ஒரு சீட்டு வேண்டுமே!

இன்னொரு சோதனையும் உண்டு. அது பணக் கணக்கன்று, மூட்டைக் கணக்கு. அனுப்பியது 100. விற்றது 85, தள்ளியது 5, எடுத்துக்கொண்டது 10. ஆக 100. சரி. எடுத்துக்கொண்ட 10 மூட்டையைச் சென்னைக்காரர் எழுத மறந்திருந்தால் அவர் ஏட்டிலும் பட்டியலிலும் சேர்ந்தே மறைந்திருக்கும். இலாபம் 67,000-க்குப் பதிலாக வெறும் 7,000 என்று வந்திருக்கும். இரண்டு ஏடும் ஒத்தும் வந்திருக்கும்! ஆனால் மூட்டைகளைக் கூட்டிப் பார்த்தால் 90-தான் வரும். பத்து மூட்டை எங்கே என்று அப்போதே கேட்டுவிடலாம். அதனால்தான் பட்டியலில் தொகையோடு மூட்டை எண்ணிக்கைக்கும் ஒரு பத்தி விடச் சொல்கிறார்கள்.

அந்தப் பத்து மூட்டையின் விலையை முன்கூட்டியே பேசிக்கொண்டது ஏன் என்பதும் இப்போது விளங்கும். தாமே விற்பவர், தாமே வாங்குபவர் என்று ஆகிவிட்டால் விலையைத் தாமே முடிவு செய்யக் கூடாது. மூட்டைக்கு 6,000 என்பதற்குப் பதிலாக 5,000 என்று அவர் எழுதிக்கொண்டிருந்தால், 10,000 ரூபாய் பொதுவிலிருந்து அவர் சொந்தக் கடைக்குப் போயிருக்கும். நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

முடிவு

அன்று மாலை எங்கள் தோழி விடுதித் தலைவியிடம் அனுமதி பெற்று வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள். "அப்பா, நீங்கள் சொன்னதும் சரியில்லை, மாமா சொன்னதும் சரியில்லை. மூன்று இலட்சத்து அறுபதாயிரத்து இருநூறுதான். தரகுப் பணம் பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது" என்று ஒரே மூச்சில் சொன்னாள். அப்பா சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு, "தரகருக்குக் கொடுத்ததைப் பட்டியலில் காணோமே என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் கோபப்பட்டுவிட்டேன்" என்றாராம்.

அடுத்த வாரம் பணம் வந்து சேர்ந்தது. இரண்டு பேரேட்டிலும் அந்தக் கணக்கின் அடியில் இரட்டைக் கோடு போட்டாயிற்று. அடுத்த அறுவடைக்கும் இருவரும் சேர்ந்தே மிளகாய் வாங்கப் போகிறார்களாம். இந்த முறை ஒப்பந்தத்தில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள் என்று தோழி சொல்கிறாள். பட்டியல் அனுப்பிய பின் ஒரு ரூபாய் செலவானாலும் திருத்திய பட்டியலை மறுநாளே அனுப்பவேண்டும். மூட்டைக் கணக்கும் ரசீது நகலும் இல்லாத பட்டியல் செல்லாது.

அந்த இரண்டு துண்டுச் சீட்டுகள் இப்போது எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றன. அவற்றின் நடுவே, சிவப்பு மையில், 3,60,200 என்று எழுதி வைத்திருக்கிறோம்.